கடையில் 17, கல்லூரியில் 92

"மேடம், அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், எட்டாம் செமஸ்டர். நாலு பேர் டீம். வாழை இலையைப் போட்டோ எடுத்து நோயைக் கண்டுபிடிக்கிற ப்ராஜெக்ட். ரிப்போர்ட் எழுதியதும் பயத்தில் டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் 300 ரூபாய் கொடுத்து, எவ்வளவு காப்பி என்று டர்னிட்டினில் செக் பண்ணினோம், 31 சதவீதம். திருத்திக் கொண்டுபோனதும் 17 வந்தது. அதையே கல்லூரியில் கொடுத்தால் 92 என்று வருகிறது! 20க்குள் இருக்கணுமாம். கைடு எங்களைச் சந்தேகமாகப் பார்க்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டுக்குக் கடைசி நாள். வைவா என்றைக்கு என்று யாரும் சொல்லவில்லை. டீமில் ஒருவனுக்கு அடுத்த மாதம் 12ஆம் தேதி பெங்களூரில் ஜாய்னிங். என்ன செய்வது?"

தம்பி,

உங்கள் ரிப்போர்ட் உங்கள் ரிப்போர்ட்டோடேயே ஒத்துப்போயிருக்கிறது. 92க்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். நீயே உறுதி செய்துகொள்ளலாம். கல்லூரியில் கொடுத்த பிடிஎஃப்பின் கடைசிப் பக்கங்களுக்குப் போ. எந்தெந்த மூலத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று வரிசையாகப் போட்டிருக்கும். முதல் வரியில் "Submitted to" என்று தொடங்கி ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரும், பக்கத்தில் "Student Paper" என்றும், எண்பதோ தொண்ணூறோ சதவீதமும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இணையத்திலிருந்தோ ஆய்விதழிலிருந்தோ எடுத்த பகுதி ஒன்று, இரண்டு, மூன்று என்று சின்னச் சின்ன எண்களாகச் சிதறிக் கிடக்கும். ஒரே மூலத்தில் எண்பதுக்கு மேல் என்றால், உங்கள் ரிப்போர்ட்டின் முழு நகல் எங்கேயோ ஏற்கெனவே இருக்கிறது என்று அர்த்தம்.

அது எப்படி அங்கே போனது? டர்னிட்டினைத் தனி ஆளாகக் கடையில் போய் வாங்க முடியாது. கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் சந்தா கட்டி வாங்கி, ஆசிரியர்களுக்குக் கணக்குத் தருகின்றன. அப்படி யாரோ ஒருவருடைய கணக்கு கைமாறி அந்தக் கடைக்காரர் கையில் இருக்கிறது. ஒரு ஃபைலை ஏற்றும்போது அதைச் சேமிப்பில் வைக்கவா வேண்டாமா என்று முன்கூட்டியே தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. "No repository" என்று வைத்தால் சோதனை மட்டும் நடக்கும், நகல் தங்காது. கடைக்காரர் அதைக் கவனிக்கவில்லை, அல்லது அவருக்கு அது தெரியவே தெரியாது. உங்கள் ரிப்போர்ட் பெயர் தெரியாத ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் கட்டுரையாக உள்ளே உட்கார்ந்துவிட்டது. பிறகு உங்கள் கல்லூரி சோதித்தபோது, மென்பொருள் தன் வேலையை ஒழுங்காகச் செய்து அதைக் கண்டுபிடித்துவிட்டது.

அப்படியென்றால் கடையில் இரண்டாவது தடவை போட்டபோது ஏன் 17 வந்தது, முதல் தடவை கொடுத்ததோடு ஒத்துப்போயிருக்க வேண்டாமா என்று நீ கேட்கலாம். ஒரே மாணவர் பெயரில், ஒரே அசைன்மென்ட்டில் திரும்ப ஏற்றினால், அவருடைய பழைய பிரதியோடு ஒப்பிட மாட்டார்கள். கடைக்காரர் அதே இடத்தில் திரும்ப ஏற்றியிருப்பார். உங்கள் கல்லூரிக் கணக்கு வேறு, அதனால் அங்கே அந்த விலக்கு கிடையாது.

இப்போது செய்ய வேண்டியது. திங்கட்கிழமை காலையில் நாலு பேரும் சேர்ந்து கைடிடம் போங்கள், நடந்ததை அப்படியே சொல்லுங்கள். கடையில் கொடுத்தோம் என்பதை மறைத்து, "எப்படி வந்ததென்றே தெரியவில்லை சார்" என்று நின்றால் கதை கெட்டுவிடும். ஏனென்றால், ஒரு முழு ரிப்போர்ட் வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயரில் கிடப்பதற்கு அவர் யோசிக்கக்கூடிய இன்னொரு காரணம், நீங்கள் ப்ராஜெக்ட் சென்டரில் ரெடிமேடாக வாங்கினீர்கள் என்பதுதான். அவருடைய சந்தேகப் பார்வைக்கு அதுதான் காரணமாக இருக்கும். நான் பதினோரு வருஷம் எங்கள் டிபார்ட்மென்ட்டில் ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டராக இருந்தவள். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியிருக்கும்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். கடையில் கொடுத்த சோதனை பிடிஎஃப் இருக்குமே, அதில் ஏற்றிய தேதி, நேரம், ஃபைல் பெயர், மொத்தச் சொற்கள், "Submission ID" என்று ஒரு நீளமான எண் எல்லாம் இருக்கும். அந்தத் தேதி, கல்லூரி சோதனைக்குச் சில நாட்கள் முன்னால்தான் இருக்கும். சொற்களின் எண்ணிக்கையும் உங்கள் ரிப்போர்ட்டோடு கிட்டத்தட்டப் பொருந்தும். கடைக்குப் பணம் அனுப்பிய ஜிபே ரசீது, அவருக்கு ஃபைல் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, உங்கள் லேப்டாப்பில் பிப்ரவரி, மார்ச் மாதத்து அரைகுறை வேர்டு ஃபைல்கள், மூன்று ரிவ்யூவிலும் காட்டிய ஸ்லைடுகள், இவ்வளவையும் எடுத்துக்கொள்ளுங்கள். கையில் பழைய அரைகுறைப் பிரதிகள் இருப்பவர்களைப் பார்த்து யாரும் வாங்கிய ப்ராஜெக்ட் என்று சொல்ல முடியாது. கைடு வழியாக எச்.ஓ.டி.க்கு ஒரு பக்கக் கடிதமும் எழுதிக் கொடுங்கள். நாலு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

கோஆர்டினேட்டரால் என்ன செய்ய முடியும்? சோதனைத் திரையில் அந்த ஒரு மூலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து விலக்கலாம், எண் உடனே மறுபடி கணக்காகும். அந்தப் பிரதியை அழிக்க மட்டும் அவரால் முடியாது. அது எந்த நிறுவனத்தின் கணக்கில் ஏறியதோ அந்த நிறுவனம்தான் கேட்டு அழிக்க வேண்டும். கடைக்காரர் "நான் டெலீட் பண்ணித் தர்றேன், 500 கொடு" என்றால் நம்பாதே. திரையில் அவர் பட்டியலிலிருந்து காணாமல் போகும், சேமிப்பில் இருந்தது இருந்தபடி இருக்கும்.

இதே மாதிரி ஒரு டீம் எங்களிடமும் வந்தது. அவர்களுக்கு 94. அவர்கள் ரிப்போர்ட்டை வைத்தே கணக்கைச் சொல்கிறேன், உங்களுடையதும் ஏறக்குறைய இப்படித்தான் போகும்.

மொத்தம் சுமார் 11,200 சொற்கள். கடைப் பிரதியை விலக்கியதும் 94 என்பது 29 ஆனது. பையன்களுக்கு அப்போதும் முகம் தெளியவில்லை, ஏனென்றால் கடையில் 16 என்று காட்டியிருந்தது. கடைக்காரர் எண்ணைக் குறைத்துக் காட்டுவதற்காக எல்லா வடிகட்டியையும் போட்டுவிடுவார். மேற்கோள், நூற்பட்டியல், சின்னச் சின்ன ஒற்றுமைகள் என்று எல்லாவற்றையும் விலக்கிவிட்டு வரும் எண் அது. கல்லூரி எதை விலக்குகிறதோ அதுதான் உனக்குக் கணக்கு. அதனால் கோஆர்டினேட்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை சதவீதம்" என்பதோடு நிற்கக்கூடாது. எதையெல்லாம் விலக்கிப் பார்க்கிறீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

அந்த டீமின் 29ல் முதலில் நூற்பட்டியலைப் பார்த்தோம். 25 குறிப்புகள், சுமார் 650 சொற்கள், அத்தனையும் ஒத்துப்போனதாகச் சிவப்பில். நூற்பட்டியலை விலக்கும் வசதியைப் போட்டும் போகவில்லை. காரணம் ஒரு சின்ன விஷயம். மென்பொருள் தலைப்பை வைத்துத்தான் நூற்பட்டியலை அடையாளம் காண்கிறது. "REFERENCES" அல்லது "BIBLIOGRAPHY" என்று தனி வரியில் இருந்தால் பிடித்துக்கொள்ளும். இவர்கள் "BOOKS AND SITES REFERRED" என்று போட்டிருந்தார்கள். தலைப்பை மாற்றினோம், 29 என்பது 25 ஆனது. அடுத்தது முன்பக்கங்கள். போனஃபைடு சர்டிபிகேட், நன்றியுரை, பொருளடக்கம், படங்களின் பட்டியல் என்று 900 சொற்கள். போனஃபைடு வாசகம் பல்கலைக்கழகம் கொடுத்த வாசகம், ஊரில் எல்லார் ரிப்போர்ட்டிலும் அதுவேதான். நன்றியுரையும் அப்படித்தான், தாளாளரில் தொடங்கி லேப் டெக்னீஷியன் வரை ஒரே வரிசை, ஒரே வார்த்தைகள். அதையெல்லாம் விட்டுவிட்டு முதல் அத்தியாயத்திலிருந்து முடிவுரை வரை மட்டும் ஏற்றினோம். 20 ஆனது. பின்னிணைப்பில் இருக்கும் சோர்ஸ் கோடையும் இதோடு ஏற்றாதே, இறக்குமதி வரிகளும் நூலகப் பெயர்களும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

மிச்சமிருந்த 20 உண்மையான 20. சுமார் 1,950 சொற்கள். அதைப் பிரித்துப் பார்த்தபோது, அவர்கள் செய்த வேலையைப் பற்றி எழுதிய பக்கங்களில் ஒரு வரிகூடச் சிவப்பாகவில்லை. எங்கே சிவந்தது தெரியுமா? ஃபீசிபிலிட்டி ஸ்டடி என்ற பெயரில் பொருளாதாரம், தொழில்நுட்பம், சமூகம் என்று மூன்று பத்தி. பைதான் என்றால் என்ன, மைஎஸ்கியூஎல் என்றால் என்ன என்று இரண்டு பக்கம். யூனிட் டெஸ்டிங், இன்டக்ரேஷன் டெஸ்டிங், பிளாக் பாக்ஸ் டெஸ்டிங் என்று சோதனை வகைகளுக்கு விளக்கம். இது மட்டும் 1,100 சொற்கள். சீனியர் ரிப்போர்ட்டிலிருந்து ஜூனியர், அவனிடமிருந்து அடுத்தவன் என்று வழிவழியாக வரும் பத்திகள் இவை. முதலில் எழுதிய புண்ணியவான் யாரென்று யாருக்கும் தெரியாது, ஆனால் தமிழ்நாட்டில் பாதி ரிப்போர்ட்டில் அவர் இருக்கிறார். இலக்கிய ஆய்வு அத்தியாயத்தில் ஆய்வுக் கட்டுரைகளின் அப்ஸ்ட்ராக்ட்டை அப்படியே ஒட்டியது 600 சொற்கள். பாக்கி 250 தற்செயலாக ஒத்துப்போகும் தொடர்கள், அதைத் தொடவே வேண்டாம்.

ஆக, நீங்கள் திருத்த வேண்டியது முழு ரிப்போர்ட்டை அல்ல. இரண்டு அத்தியாயம்தான்.

திருத்துவது என்றால் சொல்லுக்குச் சொல் மாற்றிப்போடும் இணையக் கருவிகளில் ஓட்டுவது என்று நினைத்துவிடாதே. அதில் டீப் லேர்னிங் "ப்ரொஃபவுண்ட் லேர்னிங்" ஆகி வரும். ஒரு வைவாவில் எக்ஸ்டர்னல் அந்த இடத்தை விரலால் தொட்டு, "இது என்னப்பா புது டெக்னிக்?" என்று கேட்டார். பையனிடம் பதில் இல்லை. ஆங்கில எழுத்துக்குப் பதிலாக அதேபோல் தோன்றும் ரஷ்ய எழுத்தைப் போடுவது, வெள்ளை நிறத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளை இடையில் நுழைப்பது போன்ற வித்தைகளையும் கடைக்காரர்கள் சொல்லித் தருவார்கள். அவற்றை மென்பொருள் தனியாகக் கொடி காட்டிக் கொடுத்துவிடும். 20 சதவீதம் ஒற்றுமைக்கு விளக்கம் சொல்லலாம், இதற்கு என்ன விளக்கம் சொல்வாய்?

சோதனை அத்தியாயத்தை எப்படி மாற்றுவது என்று உன் ப்ராஜெக்ட்டை வைத்தே சொல்கிறேன். யூனிட் டெஸ்டிங் என்பது நிரலின் உள் லாஜிக் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பது என்ற பத்தியை எடுத்துவிடு. அதற்குப் பதிலாக நீங்கள் என்ன சோதித்தீர்கள்? சாயங்கால வெளிச்சத்தில் எடுத்த இலைப் படத்தைக் கொடுத்துப் பார்த்திருப்பீர்கள். இலையில் ஈரம் பளபளத்தபோது அதை நோய்ப் புள்ளி என்று சொல்லியிருக்கும். வாழை இலையே இல்லாத ஒரு படத்தை, சும்மா ஒரு செருப்பைப் போட்டோ எடுத்துக் கொடுத்துப் பார்த்தீர்களா? அதற்கும் ஏதோ ஒரு நோயின் பெயரைச் சொல்லியிருக்குமே. கொடுத்தது என்ன, எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன, பிறகு என்ன மாற்றினீர்கள் என்று நாலு கட்டம் போட்டு எட்டுப் பத்து வரிசை எழுதினால் அரைநாள் வேலை. உலகத்தில் வேறு யார் ரிப்போர்ட்டோடும் அது ஒத்துப்போகாது. எக்ஸ்டர்னல் கேள்வி கேட்கவும் அந்தப் பக்கத்தைத்தான் திறப்பார், அதற்குப் பதில் உங்களுக்கு மனப்பாடம் செய்யாமலே வரும். பைதான் பற்றிய இரண்டு பக்கத்தைத் தூக்கிவிட்டு, எந்தப் பதிப்பு, எந்த நூலகம், ஏன் அது என்று ஐந்து வரி போதும்.

இலக்கிய ஆய்வுக்கு ஒரு வழி. கட்டுரையைப் படித்துவிட்டு மூடிவை. அவர்கள் எத்தனை படம் வைத்திருந்தார்கள், எந்தச் சூழலில் எடுத்தது, எங்கே தவறியது, உங்கள் வேலை அதிலிருந்து எங்கே விலகுகிறது என்று நினைவிலிருந்து நாலு வரி எழுது. எண்களை மட்டும் திரும்பத் திறந்து சரிபார். அந்த டீம் இப்படிச் செய்து மறுபடி ஏற்றியபோது எண் எல்லைக்குக் கீழே வந்துவிட்டது. அவர்களுக்கு எல்லை 15.

எல்லை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் நோட்டீஸ் போர்டில் யு.ஜி.சி. விதி என்று ஒரு அட்டவணை ஒட்டியிருப்பார்கள். 10 வரை பரவாயில்லை, 10க்கு மேல் 40 வரை திருத்தித் திரும்பக் கொடுக்க வேண்டும், 40க்கு மேல் 60 வரை ஒரு வருஷம் கொடுக்க முடியாது, 60க்கு மேல் பதிவே ரத்து என்று. 92ஐப் பார்த்ததும் அந்தக் கடைசி வரிதான் உன் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். அது 2018ஆம் ஆண்டு வந்த ஒழுங்குமுறை. முதுநிலை, ஆய்வுப் பட்டங்களுக்கான ஆய்வேடுகளுக்கும் வெளியீடுகளுக்கும் உரியது. அசைன்மென்ட், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், விடைத்தாள் போன்றவை இதில் சேராது என்று அதன் வரையறைப் பகுதியிலேயே எழுதியிருக்கிறது. அதனால் உன் பதிவு ரத்தாகும் என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. உங்களுக்கு 20 என்பது உங்கள் கல்லூரி தனக்குத் தானே வைத்துக்கொண்ட எல்லை. அது விதியில்லை என்று போய் வாதாடவும் வேண்டாம். டிபார்ட்மென்ட் வைத்த எல்லைக்குள் வராமல் கைடு கையெழுத்துப் போட மாட்டார், கையெழுத்து இல்லாமல் ரிப்போர்ட் இல்லை. அந்த ஒழுங்குமுறையில் உங்களுக்கும் உதவுகிற ஒரு விஷயம் உண்டு. பொதுவான அறிவு, தற்செயலான தொடர் என்று 14 சொற்கள் வரை தொடர்ச்சியாக ஒத்துப்போவதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்கிறது. சின்ன ஒற்றுமைகளை விலக்கும் வடிகட்டியில் 14 என்று போடலாமா என்று கோஆர்டினேட்டரிடம் பணிவாகக் கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் சரி என்பார்கள்.

வெள்ளிக்கிழமைக்கு வருவோம். டர்னிட்டினில் ஒரே இடத்தில் மூன்று முறைக்கு மேல் திரும்ப ஏற்றினால், அடுத்த முடிவு வர 24 மணி நேரம் ஆகும். வருஷா வருஷம் கடைசி நாளில் ஆளுக்கு நாலு தடவை ஏற்றிவிட்டு, முடிவு வராமல் லேப் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் ஏற்கெனவே ஒன்று போட்டாயிற்று. திங்கள் கைடைப் பார்த்து, செவ்வாயும் புதனும் அந்த இரண்டு அத்தியாயத்தை எழுதி, புதன் மாலை ஒரு தடவை ஏற்றுங்கள். வியாழன் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். நாலு பேரும் தனித்தனியாக அவரவர் கணக்கில் ஏற்றிப் பார்க்க வேண்டாம். ஒருவர் பெயரில் மட்டும். இல்லையென்றால் உங்களுக்குள்ளேயே ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போய் இன்னொரு 92 வரும்.

அந்த வெள்ளிக்கிழமை எதற்கான கடைசி நாள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள். பல கல்லூரிகளில் முதலில் சாஃப்ட் காப்பிக்கு ஒரு தேதி, பிறகு கையெழுத்தான பைண்டு காப்பிக்கு ஒரு தேதி என்று இரண்டு வைப்பார்கள். முதல் தேதி டிபார்ட்மென்ட் வைத்தது, காரணம் சொன்னால் இரண்டொரு நாள் நெகிழும். இரண்டாவது அப்படி இல்லை. குறிப்பிட்ட தேதிக்குள் ரிப்போர்ட் கொடுக்காதவர் ப்ராஜெக்ட்டில் தோல்வியடைந்தவராகக் கருதப்பட்டு, பிந்தைய செமஸ்டரில் மறுபடி பதிவு செய்ய வேண்டும் என்று பல்கலைக்கழக ரெகுலேஷனிலேயே இருக்கிறது. அந்தத் தேதியில் எச்.ஓ.டி.யே நினைத்தாலும் இரக்கம் காட்ட முடியாது. எனவே திங்கட்கிழமைக் கடிதத்திலேயே, "வெள்ளிக்கிழமைக்குள் முடிக்கிறோம், தாமதமானால் திங்கள் வரை அனுமதி வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். முன்கூட்டிக் கேட்டவனுக்கும் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு வந்து நிற்பவனுக்கும் வித்தியாசம் உண்டு.

சோதனை முடியும்வரை பைண்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். நாலு பேருக்கு நாலு, டிபார்ட்மென்ட்டுக்கு ஒன்று, கைடுக்கு ஒன்று என்று ஆறு பிரதி போட்ட பிறகு ஓர் அத்தியாயம் மாறினால் ஆறும் வீண். பைண்டிங் கடையில் அந்த வாரம் ஊர்க்கூட்டமே நிற்கும், ஒன்றரை நாளாவது ஆகும். போனஃபைடு பக்கத்தில் கீழே வைவா நடந்த தேதிக்கு இடம் விட்டிருக்கும். அதை நிரப்பி அச்சடித்துவிடாதே. அந்தத் தேதி பேனாவால் அன்றைக்குத்தான் எழுதப்படும், இன்டர்னல், எக்ஸ்டர்னல் இருவரும் அதன் கீழே கையெழுத்துப் போடுவார்கள். தேதியை அச்சடித்துவிட்டு, வைவா இரண்டு நாள் தள்ளிப்போனதும் ஒயிட்னரோடு உட்கார்ந்த ஒரு வகுப்பையே நான் பார்த்திருக்கிறேன்.

வைவா தேதியை யாரும் சொல்லவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறாய். சொல்லாமல் மறைக்கவில்லை, அவர்களுக்கே இன்னும் தெரியாது. பல்கலைக்கழகம் செய்முறைத் தேர்வுகளுக்கும் ப்ராஜெக்ட் வைவாவுக்கும் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிக்குள் என்று ஒரு கால அளவைத்தான் கொடுக்கும். எக்ஸ்டர்னலாக வேறொரு கல்லூரி ஆசிரியரை நியமிக்கும். அவருக்கு அதே வாரத்தில் வேறு கல்லூரியில் லேப் தேர்வு இருக்கலாம், சொந்தக் கல்லூரியிலும் வேலை இருக்கும். அவருக்குத் தோதான நாள், உங்கள் இன்டர்னலுக்குத் தோதான நாள், அறை காலியாக இருக்கும் நாள் மூன்றும் சேரும் இடத்தில்தான் தேதி விழும். அதனால்தான் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களுக்கு முன்னால்தான் தகவல் வரும், வந்த பிறகும் மாறும். தேதியைக் கேட்டு நச்சரிப்பதைவிட, அந்தக் கால அளவு எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று கேள். அது கோஆர்டினேட்டருக்குத் தெரிந்திருக்கும், சொல்லவும் செய்வார். இன்னொன்று, ப்ராஜெக்ட்டுக்கும் சேர்த்துத்தான் தேர்வுக் கட்டணம் கட்டியிருக்கிறீர்களா என்று நாலு பேரும் ஹால் டிக்கெட்டைப் பாருங்கள். பாடக் குறியீடு அதில் இல்லையென்றால் வைவா பட்டியலில் பெயர் வராது. அன்று காலையில் கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது.

12ஆம் தேதி ஜாய்னிங் உள்ள நண்பனுக்கு இந்தக் கால அளவுதான் முக்கியம். அது 12க்கு முன்பே முடிகிறது என்றால் பிரச்சினையே இல்லை. 12ஐத் தாண்டுகிறது என்றால், உங்கள் டீமை முதல் நாள், காலை பேட்ச்சில் போடும்படி இப்போதே கோஆர்டினேட்டரிடம் கேளுங்கள். பதிவு எண் வரிசையில் போடுவது வழக்கமே தவிர, டீம்களை முன்பின்னாக மாற்றுவது அவர் கையில்தான் இருக்கிறது. நான் ஒவ்வொரு வருஷமும் நாலைந்து டீமுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன், கல்யாணத்துக்குக்கூட. அவனுக்கு மட்டும் தனியாக வேறொரு நாளில் வைக்க முடியாது. எக்ஸ்டர்னல் வந்த அன்றே வருகைப் பதிவில் கையெழுத்தாகி, மதிப்பெண்ணும் போய்விடும். கொரோனா சமயத்தில் வீடியோவில் வைத்தார்கள் என்று அவன் சொல்லலாம், அதை நம்பி டிக்கெட் போட வேண்டாம். வராவிட்டால் அவனுக்கு மட்டும் ஆப்சென்ட், மதிப்பெண் ஆளுக்கு ஆள் தனி என்பதால் உங்கள் மூவருக்கும் பாதிப்பில்லை. ஆனால் அவன் அடுத்த செமஸ்டர் வரை காத்திருக்க வேண்டும், அதுவரை ப்ரொவிஷனல் சர்டிபிகேட் வராது, அதைக் கேட்டுத்தானே அந்தக் கம்பெனியே வேலை கொடுக்கிறது.

அவன் எச்.ஆருக்கு இன்றைக்கே ஒரு மெயில் போடட்டும். வைவா இன்ன தேதிக்குள் நடக்கும், நாள் இன்னும் முடிவாகவில்லை, அடுத்த பேட்ச்சில் சேர அனுமதி வேண்டும் என்று மூன்று வரி போதும். கூடவே, கடைசிச் செமஸ்டர் தேர்வு நிலுவையில் இருக்கிறது என்று எச்.ஓ.டி. லெட்டர்ஹெட்டில் கொடுக்கும் கடிதத்தை இணைக்கச் சொல். திங்கட்கிழமை உங்கள் கடிதத்தோடு போகும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடலாம், இரண்டுக்கும் ஒரே மேஜைதான்.